முதல் நாவலுக்கு ஒரு சிலந்தி: 'சார்லட்ஸ் வெப்'

படக்கதைகளை முடித்துவிட்டு முதல் ஆங்கில நாவலுக்கு வரும் பிள்ளைக்கு என்ன வாங்கலாம் என்று கேட்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது 'சார்லட்ஸ் வெப்'. இ.பி. ஒயிட் எழுதி 1952-இல் வந்தது. எட்டு, ஒன்பது வயதில் தானே படிக்கலாம். ஆறு வயது என்றால் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் கட்டத்தில் இருக்கும் பிள்ளையிடம் இதைக் கொடுத்துத் திணறவிட வேண்டாம்.

கதை அமெரிக்கக் கிராமத்துப் பண்ணை ஒன்றில் நடக்கிறது. நோஞ்சானாகப் பிறந்த பன்றிக்குட்டியை வெட்டக் கோடாலியோடு அப்பா கிளம்புகிறார். மகள் ஃபெர்ன் அழுது அதைக் காப்பாற்றுகிறாள். வில்பர் என்ற அந்தக் குட்டி, பின்னால் மாமாவின் தொழுவத்துக்குப் போகிறது. குளிர்காலம் வந்தால் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று அங்கே தெரிகிறது. வாசல் மேலே வலை கட்டியிருக்கும் சார்லட் என்ற சிலந்தி, வலையில் வார்த்தைகளைப் பின்னி அவனைக் காப்பாற்றப் பார்க்கிறாள்.

சொற்களைப் பிள்ளைகளுக்குப் பழக்கும் விதம்தான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. சார்லட் 'சல்யூடேஷன்ஸ்' என்று வணக்கம் சொல்லும் இடத்தில் என் மகள் விரலை வைத்தபடி நின்றுவிட்டாள். நான் வாய் திறக்கவில்லை. அடுத்த வரியில் வில்பரும் அதே சொல்லில் தடுக்கி விழுகிறான், சார்லட் பொறுமையாக அர்த்தம் சொல்கிறாள். அகராதி தேவைப்படவில்லை. அப்புறம், வலையில் பின்னச் சொல் தேடி டெம்பிள்டன் என்ற எலி குப்பைமேட்டிலிருந்து விளம்பரத் துண்டுகளைப் பொறுக்கி வருகிறது. அதில் 'கிரஞ்சி' என்ற சொல்லைச் சார்லட் வேண்டாம் என்கிறாள்: மொறுமொறுப்பு என்று எழுதினால் பார்ப்பவருக்குப் பன்றியைச் சாப்பிடும் ஆசை வந்துவிடாதா! ஒரு சொல்லை எதற்காகத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை இதைவிட எளிதாகப் பிள்ளைக்குச் சொல்லிவிட முடியாது.

மொத்தம் 22 அத்தியாயங்கள், பெரும்பாலும் சின்னவை. கார்த் வில்லியம்ஸின் கோட்டோவியங்கள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். மூன்றாவது, நான்காவது அத்தியாயங்களில் தொழுவத்தின் வாசனை, மழை நாள் என்று வர்ணனை நீளும். சில பிள்ளைகள் அங்கே புத்தகத்தை மூடிவிடுவார்கள். அந்தப் பக்கங்களை மட்டும் நீங்கள் படித்துக் காட்டினால் போதும்.

சார்லட் இறந்துபோகிறாள். அதுவும் யாரும் பக்கத்தில் இல்லாமல். இதற்குப் பயந்து புத்தகத்தைத் தவிர்க்கும் பெற்றோர் உண்டு. தவிர்க்காதீர்கள் என்றே சொல்வேன். முட்டையிட்டபின் சிலந்தி சோர்ந்து சாவது இயற்கை, ஒயிட் அதை மழுப்பாமல் எழுதியிருக்கிறார். என் மகள் அழுதாள், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: 21-ஆம் அத்தியாயத்தைத் தூங்கப் போகும் நேரத்தில் தொடங்காதீர்கள். விடுமுறை நாள் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். கடைசி அத்தியாயத்தையும் அதே மூச்சில் முடித்துவிடுங்கள். சார்லட்டின் 514 முட்டைகளும் அதில்தான் பொரிகின்றன.