அப்பா, அந்த ‘ரிஜெக்டட்’ மெசேஜ் பற்றி

அப்பா, காலையில அஞ்சு மணிக்கு நீங்க அனுப்பின போட்டோவைப் பார்த்துட்டேன். பென்ஷன் நிற்கலை. உங்களை யாரும் எதுக்கும் மறுக்கலை. இதை முதல்ல அம்மாகிட்ட சொல்லிடுங்க, அவங்க ராத்திரியெல்லாம் தூங்கலைன்னு குரல்லயே தெரிஞ்சுது. மீதியை டீ குடிச்சுட்டு நிதானமா படிங்க. எழுத்து சின்னதா இருந்தா திரையில ரெண்டு விரலை வெச்சு விரிச்சா பெருசாகும்.

போன வாரம் இ-சேவை மையத்துல ஆயுள் சான்று கொடுத்தீங்க இல்லையா, அதைப் பத்தின மெசேஜ்தான் இது. “நான் உயிரோட இருக்கேன்”னு வருஷா வருஷம் பி.எஃப். ஆபீஸுக்குச் சொல்றது. முன்னாடி பேங்க்ல தாள்ல கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீங்க, இப்ப கம்ப்யூட்டர்ல. அதுக்குப் பேர் ஜீவன் பிரமாண்.

மெசேஜ்ல முதல் வரியில Pramaan ID-ன்னு ஒரு நீளமான எண் இருக்கு. அது அந்தச் சான்றோட ரசீது எண் மாதிரி, அதை வெச்சு நீங்க எதுவும் செய்ய வேண்டாம். அடுத்து Pension Disbursing Agency-ன்னு வருது. பென்ஷனைக் கொடுக்குற இடம்னு அர்த்தம், உங்க விஷயத்துல பி.எஃப். ஆபீஸ். அப்புறம்தான் உங்களைப் பயமுறுத்தின Rejected. போன வாரம் அனுப்பின அந்த ஒரு சான்றைத்தான் ஏத்துக்கலைங்கிறாங்க. பென்ஷனை இல்லை. மில்லுல லீவு லெட்டர்ல தேதி தப்பா இருந்தா திருப்பிக் கொடுப்பாங்களே, அவ்வளவுதான். வேலையை விட்டா எடுத்தாங்க?

காரணமும் கடைசி வரியிலயே இருக்கு: PPO number not matched. உங்க பென்ஷன் ஆர்டர் எண் அவங்ககிட்ட இருக்குறதோட ஒத்துப் போகலை.

ஏன் ஒத்துப் போகலைன்னு யோசிச்சேன். அன்னைக்கு அம்மா இ-சேவை ரசீதையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாங்க. அதையும், என்கிட்ட இருக்குற உங்க பென்ஷன் ஆர்டர் போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். ஆர்டர்ல கடைசி நாலு எண் 4163. ரசீதுல 4763. நீங்க டைரியில எழுதி வெச்சதைத்தான் அந்தப் பையன் பார்த்து அடிச்சிருக்கான். உங்க ஒண்ணு எப்பவும் தலையில கொம்போடதான் இருக்கும், அது அவனுக்கு ஏழாத் தெரிஞ்சிருக்கு. அவனையும் குத்தம் சொல்ல முடியாது, நானே சின்ன வயசுல உங்க கணக்கு நோட்டுல ஏமாந்திருக்கேன்.

தப்பா அனுப்பினதைத் திருத்த முடியாதுப்பா. சரியான எண்ணோட புதுசா இன்னொரு சான்று கொடுக்கணும், அதுக்குப் புது Pramaan ID வரும். அது ஒண்ணும் பெரிய வேலை இல்லை.

நேரம் இருக்கான்னு கேட்பீங்க. இருக்கு. போன வருஷம் நீங்க கொடுத்தது டிசம்பர் 12. பி.எஃப். பென்ஷன்காரங்களுக்கு, கொடுத்த நாள்லேருந்து ஒரு வருஷம் அது செல்லும். இன்னைக்கு நவம்பர் 23. வாக்கிங்ல உங்க நண்பர் “நவம்பர் 30 தாண்டினா பென்ஷன் கட்”னு சொன்னாரே, அவர் மத்திய அரசு பென்ஷன்காரர். அவங்களுக்குத்தான் நவம்பர் கணக்கு. நம்ம கணக்கு வேற. ஒருவேளை தள்ளிப் போய் ஒரு மாசம் பணம் வராட்டாலும், சான்று ஏறினதும் விட்டுப் போனதையும் சேர்த்துப் போட்டுடுவாங்க. ஆனாலும் இந்த வாரமே முடிச்சுடலாம்.

நாளைக்குத் திங்கள். பத்தரை மணிக்கு மேல போங்க, அதுக்கு முன்னாடி சர்வர் வேலை செய்யலைன்னு உட்கார வெப்பாங்க. பீரோல பச்சை ஃபைல்ல இருக்குற பென்ஷன் ஆர்டர் அசலை எடுத்துக்கோங்க, டைரியை வீட்டுலயே விட்டுடுங்க. ஆதார் கார்டு, பென்ஷன் வர்ற பேங்க் பாஸ்புக், உங்க போன். போனை சார்ஜ் போட்டுக் கொண்டு போங்க.

கவுன்டர்ல இப்படிச் சொல்லுங்க: “தம்பி, போன வாரம் போட்ட ஜீவன் பிரமாண்ல பி.பி.ஓ. எண் தப்பாகி ரிஜெக்ட் ஆயிடுச்சு. இந்த ஆர்டரைப் பார்த்துப் புதுசாப் போட்டுக் கொடுங்க.” அவன் அடிச்சு முடிச்சதும் அனுப்புறதுக்கு முன்னாடி திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு எண்ணா நீங்க வாய்விட்டுப் படிங்க. பின்னாடி வரிசையில நிக்கிறவங்க முணுமுணுத்தா முணுமுணுக்கட்டும். மறுமணம் ஆயிடுச்சா, மறுபடி வேலைக்குப் போறீங்களான்னும் அதுல ஒரு கேள்வி இருக்கும். எல்லார்கிட்டயும் கேட்குறதுதான், கோபப்படாம இல்லைன்னு சொல்லுங்க. அம்மா சிரிப்பாங்க.

கைரேகை போன வருஷம் மாதிரி விழாம போகலாம். முப்பது வருஷம் நூல் ஓடின விரல், மெஷினுக்குத் தெரியாது. நாலு தடவை வெச்சும் விழலைன்னா “முகம் வெச்சுப் போடுங்க”ன்னு கேளுங்க, அதுக்கும் வழி இருக்கு. கண்ணாடியைக் கழட்டிட்டு வெளிச்சத்தைப் பார்த்து நில்லுங்க, கண்ணைச் சிமிட்டச் சொன்னா சிமிட்டுங்க. அங்க முடியாதுன்னுட்டா அலைய வேண்டாம், வீட்டுக்கு வந்துடுங்க. தபால்காரரை வீட்டுக்கே வரச் சொல்லியும் இதைக் கொடுக்கலாம், அதுக்கு நான் இங்கேருந்தே ஏற்பாடு பண்றேன்.

ஓ.டி.பி. விஷயத்துல மட்டும் ஒரு வித்தியாசம் ஞாபகம் வெச்சுக்கோங்க. கவுன்டர்ல, உங்க கண் முன்னாடி அவன் அடிக்கும்போது போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொல்லலாம். ஆனா யாராவது போன் பண்ணி, “பி.எஃப். ஆபீஸ்லேருந்து பேசுறோம், உங்க சான்று ரிஜெக்ட் ஆயிடுச்சு, ஓ.டி.பி. சொன்னா சரி பண்ணிடுறோம்”னு எவ்வளவு மரியாதையாப் பேசினாலும் கட் பண்ணிடுங்க. நவம்பர் மாசத்துல எல்லாப் பென்ஷன்காரர் வீட்டுலயும் இந்தப் பேச்சுதான் ஓடும்னு திருடனுக்கும் தெரியும். பி.எஃப். ஆபீஸ் போன்ல ஓ.டி.பி. கேட்காது. லிங்க் அனுப்பி ஏதாவது ஆப் போடச் சொன்னாலும் தொடாதீங்க. வாய் தவறிச் சொல்லிட்டா மறைக்காம உடனே எனக்குக் கூப்பிடுங்க, நான் எடுக்கலைன்னா சைபர் மோசடி புகார் எண் 1930-க்கு. திட்ட மாட்டேன்.

நேத்து வந்த மெசேஜ் உண்மையானதுதான். உங்ககிட்ட பணமோ நம்பரோ அது எதுவும் கேட்கலை, கீழே இருக்குற jeevanpramaan.gov.in அரசாங்கத்தோட தளம். இருந்தாலும் அதை அழுத்த வேண்டாம், அங்க நீங்க செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

வேலை முடிஞ்சதும் புது Pramaan ID-யோட ஒரு மெசேஜ் வரும். போன வாரமும் அது வந்துச்சு, அதனாலதான் நாம முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டோம். சான்று தயாராச்சுன்னுதான் அதுக்கு அர்த்தம், பி.எஃப். ஆபீஸ் ஏத்துக்கிட்டதான்னு அப்புறம்தான் தெரியும். அதனால ரசீதை வாங்கின கையோட அங்கேயே போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. 4163-ன்னு இருக்கான்னு நானும் ஒரு தடவை பார்த்துடுறேன், தப்பா இருந்தா அங்கேயே மாத்திப் போட்டுக்கலாம். பத்தரைலேருந்து போனைக் கையிலயே வெச்சிருப்பேன்.

வெயிலுக்கு முன்னாடி கிளம்புறேன்னு சாப்பிடாம போயிடாதீங்க, சுகர் மாத்திரை போட்டிருக்கீங்க.

— கலா