குரூப் 4: ஒரே பக்கத்தில்

தம்பி, பாடத்திட்டத்தைச் சுருக்கித் தந்திருக்கிறேன். சுவரில் ஒட்டிக்கொள்.

மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். எல்லாமே கொள்குறி வகை, பத்தாம் வகுப்புத் தரம்.

தமிழ்: 100 கேள்வி, 150 மதிப்பெண். இதில் 60 வாங்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் காலையில் முதல் வேலை தமிழ்தான். பிரித்தெழுதுதல், எதிர்ச்சொல், பிழை திருத்தம் எல்லாம் தினமும் கொஞ்சம் போட்டுப் பார்.

பொது அறிவு: 75 கேள்வி. அரசியலமைப்பு, வரலாறு, புவியியல், அறிவியல், பொருளாதாரம், நடப்பு நிகழ்வுகள்.

திறனறிவு: 25 கேள்வி. சதவீதம், வட்டி, மீ.பொ.வ., மீ.சி.ம., வேலையும் நேரமும். நீ கணக்கில் கெட்டி, விட்டுவிடாதே.

அப்புறம், விடை தெரியாத கேள்விக்கு E வட்டத்தைக் கருப்பாக்க மறக்காதே.