வயக்காட்டு வழியா வந்த கம்பி

(பள்ளி ஆண்டு விழா நாடகம். ஒருவர் பேசும் காட்சி.

இடம்: மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையோரம் ஒரு கிராமம். கூலிக்காரத் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணை. பின்னணியில் ஒரு மின்கம்பம்.

அப்பாயி, வயது எழுபத்தைந்து. முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி நோட்டும் பேனாவுமாகப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். பேத்திக்கு வசனம் இல்லை.)

அப்பாயி:
நம்ம ஊருக்குக் கரண்டு எப்ப வந்துச்சுன்னு டீச்சர் எழுதிட்டு வரச் சொன்னாங்களா? எந்தக் கரண்டக் கேக்குறாங்க பாப்பா? ஊருக்கு வந்ததையா, நம்ம தெருவுக்கு வந்ததையா? ரெண்டும் வேற வேற. ரெண்டுக்கும் நடுவுல இருவது வருஷம் இருக்கு.

ஊருக்கு வந்தது காமராசர் ஆட்சியில. சீனாக்காரன் சண்டைக்குக் கொஞ்சம் முந்தி. எனக்கு அப்பப் பத்து வயசு இருக்கும். கோடையில வந்தானுவோ. ஆனி மாசம் மேட்டூர் தொறந்து ஆத்துல தண்ணி வந்துட்டா வயல்ல வண்டி எறங்காது பாரு, அதனால காஞ்சு வெடிச்சுக் கெடக்கும்போதே மாட்டு வண்டியில கரண்டு மரத்த ஏத்திக்கிட்டு வந்தானுவோ. பாமணி ஆத்துப் பாலத்துல வண்டி ஏற மாட்டாம நின்னு, ஊரே கூடித் தள்ளுனிச்சு.

குழி வெட்ட ஆளு வேணும்னாங்க. எங்க அப்பா போனாரு. நம்ம தெரு ஆம்பளைங்க அத்தனை பேரும் போனாங்க. காஞ்ச களிமண்ணு, கடப்பாரை போட்டாத் தீப்பொறி பறக்கும். ஆள் ஒசரத்துக்குக் கிட்டத்தட்ட வெட்டணும். பொழுதுக்கும் வெட்டிட்டு வந்து கை ரெண்டையும் தண்ணிப் பானைக்குள்ள வுட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. "நம்ம ஊருக்கு வெளிச்சம் வருது ஆயி"ன்னு சொல்லுவாரு.

(முறத்தைக் கீழே வைக்கிறார். கையைத் தூக்கி, தலைக்கு மேலே ஒரு கோடு போல இழுத்துக் காட்டுகிறார்.)

கம்பி இந்தா, இப்புடிப் போச்சு. நம்ம தெருவுக்கு மேலதான் போச்சு. நேரா ரைஸ் மில்லுக்குப் போச்சு, பெரிய தெருவுக்குப் போச்சு, கோயிலுக்குப் போச்சு. நம்ம தெருவுல எறங்கல. குழி வெட்டுனவங்க தலைக்கு மேல கம்பி. கீழ காடா வெளக்கு.

நம்ம வாத்தியாரு ஒருத்தரு இருந்தாரு. அவருதான் சொன்னாரு, காவேரித் தண்ணி மேட்டூர்ல சக்கரத்தச் சுத்திவுட்டுட்டுத்தான் கீழ வருது, அந்தச் சுத்துலதான் கரண்டு வருதுன்னு. எனக்கு அது மனசுலயே நின்னுபோச்சு. அதே தண்ணியிலதானே நாங்க நாத்து நடுறோம்? தண்ணி எல்லாத் தெரு ஆளையும் வயல்ல எறக்குது, கரண்டு மட்டும் ஏன் தெருப் பாக்குதுன்னு அந்த வயசுலயே கேட்டேன். எங்க அம்மா வாயப் பொத்துனிச்சு.

கரண்டு வந்ததும் மொதல்ல என்ன மாறுச்சு தெரியுமா? லைட்டு இல்ல. ஒலக்கை.

அதுக்கு முந்தி ஊருல நெல்லு அத்தனையும் பொம்பளைங்க கையாலதான் அரிசியாவணும். ஊறப்போட்டு, அவிச்சு, களத்துல காய வச்சு, ஒரல்ல போட்டு ரெண்டு பேரா மாத்தி மாத்திக் குத்தணும். பெரிய தெரு வீடுகளுக்குக் குத்திக் குடுக்கிறது நம்ம தெருப் பொம்பளைங்க. கோழி கூவறதுக்கு முந்தி எங்க அம்மா ஒலக்கையத் தூக்கிக்கிட்டுப் போயிரும். உள்ளங்கை தோலெல்லாம் காச்சுப்போயிருக்கும், எனக்குத் தலை வாரிவுட்டா முடி அந்தக் காப்புல மாட்டிக்கும். கூலியா அரிசி கொஞ்சம், குருணை, தவிடு. அந்தக் குருணையிலதான் ராத்திரிக் கஞ்சி.

மில்லு ஓட ஆரம்பிச்சதும் ஒரு மூட்டை நெல்லு, வெத்தல போட்டு முடிக்கிறதுக்குள்ள அரிசியா வந்துருச்சு. எங்க அம்மா கை மெதுவா மிருதுவாச்சு. குருணையும் நின்னுபோச்சு. "கை நோவல, வவுறு நோவுது"ன்னு அது சொன்னத நான் மறக்கல. கரண்டு வந்து பொம்பளைங்க கஷ்டம் தீந்துச்சுன்னு யாராச்சும் சொன்னா, எந்தப் பொம்பளைங்கன்னு கேளு. நெல்லு வச்சிருந்தவங்களுக்குத் தீந்துச்சு. கூலிக்குக் குத்துனவங்களுக்கு அடுத்த வேலை கெடைக்கிற வரைக்கும் ரொம்ப செரமம்.

அந்த அடுத்த வேலையையும் கரண்டுதான் குடுத்துச்சு, அதையும் சொல்லிப்புடறேன். மேட்டு வயல் பக்கம் போர் போட்டு மோட்டார் வச்சாங்க. மேட்டூர் தண்ணிக்குக் காத்திருக்காம நாத்து விட்டாங்க. ஒரு போகம் வெளைஞ்ச எடத்துல குறுவை, அப்பறம் தாளடின்னு ரெண்டாச்சு. நடவு ரெண்டு, களை ரெண்டு, அறுப்பு ரெண்டு. ஆடுதுறையிலேருந்து ஒரு நெல்லு வந்துச்சு, ஏடிடி இருவத்தேழு. திருச்சி ரேடியோவுல அதப் பத்திச் சொல்லிச் சொல்லி அதுக்கு ரேடியோ நெல்லுன்னே பேரு வந்துருச்சு. நான் நட்டிருக்கேன்.

ரேடியோன்னதும் ஞாபகம் வருது. பஞ்சாயத்து ஆபீசு மேல ஒலிபெருக்கி கட்டி, சாயங்காலமானா வைப்பாங்க. அங்க போயி நாங்க ஒக்கார முடியாது. ஆனா வெளிச்சந்தான் தெரு முனையோட நின்னுச்சு, சத்தம் நிக்கல. காத்து நம்ம பக்கம் அடிச்சாப் போதும், வாசல்ல ஒக்காந்தே சேதி கேப்போம். நேரு செத்த சேதி எனக்கு அப்புடித்தான் தெரியும். பெரிய தெருவுல அழுத அதே நேரத்துல நம்ம தெருவுலயும் அழுதாங்க.

(எழுந்து கம்பத்தின் பக்கம் நடக்கிறார்.)

அந்த இருவது வருஷமும் எங்களுக்கு மண்ணெண்ணெதான். சிம்னி கண்ணாடிய சாம்பல் போட்டுத் தொடைக்கிறது பொண்ணுங்க வேலை, சின்னக் கையிதான் உள்ள போவும். காலையில மூக்கச் சிந்துனாக் கரியா வரும். எண்ணெ தீந்துட்டா அன்னிக்கிப் பொழுது அவ்வளவுதான், படு. அத விட பயம் ஒண்ணு உண்டு. கூரை வீடு பாரு, மேல தென்னங்கீத்து, கீழ காடா வெளக்கு. காத்தடிக்கிற ஐப்பசி மாசம் யாரும் நெருப்ப வச்சுட்டுத் தூங்க மாட்டோம். உங்க தாத்தா பொறந்த வீடு அப்புடித்தான் எரிஞ்சுது.

வயல்ல வேலையும் மாறிப்போச்சு. முந்தியெல்லாம் பொழுது சாஞ்சா வேலை முடிஞ்சுது, எந்தப் பண்ணையாரும் இருட்டுல கதிர் அடின்னு சொல்ல முடியாது. களத்துல பெரிய லைட்டு போட்டதும் ராத்திரி சாப்பாட்டு நேரம் தாண்டியும் அடிச்சோம். கூலி ஒரு நாள் கூலிதான். கொஞ்சங் கொஞ்சமா சங்கம் வச்சுக் கேட்டுத்தான் அது சரியாச்சு.

நம்ம தெருவுக்கு எறங்குனது எம்ஜியாரு ஆட்சியில. குடிசைக்கு ஒரு வெளக்குன்னு சர்க்காரு குடுத்தாங்க. மீட்டரு கெடையாது. ஒரே ஒரு குண்டு பல்பு, நாப்பது வாட்ஸ். லைன்மேன் வந்து நடு வீட்டுல கட்டித் தொங்கவுட்டுட்டு, "போடுங்க அக்கா"ன்னாரு. எனக்குக் கை வரல. உங்க அத்தை, அப்ப அஞ்சாவது படிச்சிக்கிட்டிருந்தா, எட்டிக் குதிச்சுப் போட்டுட்டா.

மொதல்ல நான் என்ன பாத்தேன்? வீட்டுக் கரியப் பாத்தேன். வளை மரம், செவுரு, அடுப்பு மூலை, எல்லாம் மையி பூசுன மாதிரி. இத்தனை வருஷம் இதுக்குள்ளயா புள்ளைங்களப் பெத்து வளத்தேன்னு அழுவையா வந்துச்சு. மறுநாள் வேலைக்குப் போவல. செம்மண்ணு கொழைச்சு, சுண்ணாம்பு அடிச்சு, பொழுதுக்கும் பூசினேன்.

உங்க அத்தை அந்த நாப்பது வாட்ஸுலதான் படிச்சா. அடுத்த வீட்டுப் புள்ளைங்களும் இங்க வந்து வட்டமா ஒக்காந்து படிக்கும். அவ இன்னிக்கித் தஞ்சாவூரு பெரியாஸ்பத்திரியில நர்சம்மா. பிரசவ வார்டு. அவ தம்பி, உங்கப்பன், காடா வெளக்குலதான் பொறந்தான். மருத்துவச்சி, "வெளக்கக் கிட்டப் புடி, இன்னும் கிட்டப் புடி"ன்னு கத்துனது இன்னும் காதுல கேக்குது.

(சற்று நின்று)

இத ஸ்கூல் நோட்டுல எழுதலாமான்னு டீச்சரக் கேளு, ஆனா எழுதத்தான் வேணும். தெரு லைட்டு வந்தப்பப் பொம்பளைங்களுக்கு ஒரு தும்பமும் சேந்து வந்துச்சு. வீட்டுல கக்கூசு கெடையாது. இருட்டுதான் எங்களுக்கு மறைப்பு. ஆத்தங்கரையோரம் லைட்டு போட்டதும் அந்த மறைப்புப் போயிருச்சு. இன்னும் தூரமா, இன்னும் சேறா, பாம்பு கெடக்கிற எடமாப் பாத்துப் போனோம். லைட்டு போட்ட ஆம்பளைங்க யாருக்கும் அது தோணல. கக்கூசு கட்டுனதுக்கு அப்பறந்தான் எனக்கு அந்தத் தெரு லைட்டு புடிச்சுது.

மிக்சி, கிரைண்டரு, ஃபேனெல்லாம் உனக்கே தெரியும், நீ பொறந்த சமயத்துல சர்க்காரு குடுத்தது.

கஜா புயல் எழுதிக்க. ரெண்டாயிரத்துப் பதினெட்டு, நவம்பரு. நீ சின்னப் புள்ள. ஒரு ராத்திரிக்குள்ள தென்னையும் போச்சு, கரண்டு மரமும் போச்சு. எங்க அப்பா குழி வெட்டி நட்ட வரிசை முழுக்கப் படுத்துருச்சு. திரும்ப காடா வெளக்கு. வெளியூரு, வெளி ஜில்லாவுலேருந்தெல்லாம் கரண்டு ஆளுங்க வந்தாங்க. இடுப்பளவு சேத்துல நின்னுக்கிட்டுத் தோள்லயே மரத்தத் தூக்கிட்டுப் போனாங்க. அதுங்களும் கூலிக்கார வீட்டுப் புள்ளைங்கதான், மொகத்தப் பாத்தாலே தெரியும்.

பெரிய தெருவுலேருந்து ஆரம்பிக்கறதாப் பேச்சு வந்துச்சு. நான் போனேன். எழுவது வயசு நெருங்குது, யாரு என் வாயப் பொத்துறது? அவங்க ஆபீசருகிட்டச் சொன்னேன்: "தம்பி, மொதத் தடவ கம்பி எங்க தலைக்கு மேல போச்சு. குழி வெட்டுனது எங்க அப்பா. இந்தத் தடவ எங்க தெருவயும் சேத்து ஒரே லைனா இழுங்க. குழி வெட்ட ஆளு நாங்க தர்றோம்."

அவரு பேப்பரப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. "சரிங்க ஆத்தா"ன்னாரு. உங்கப்பன் மம்முட்டிய எடுத்தான். பெரிய தெருப் பையனுங்க நாலு பேரும் எறங்குனானுவோ, அதையும் எழுது. நான் வெறகடுப்புல சோறாக்கி, கருவாட்டுக் கொழம்பு வச்சு, அந்தக் கரண்டுப் புள்ளைங்க அத்தனை பேருக்கும் இந்தத் திண்ணையில எலை போட்டேன். பெரிய தெரு ஆளுங்களும் இங்கயே ஒக்காந்து சாப்புட்டாங்க.

லைன் குடுத்தப்ப அங்கயும் இங்கயும் ஒண்ணாத்தான் எரிஞ்சுது.

(பேத்தி எழுதி முடிக்கிறாள். அப்பாயி நோட்டை வாங்கி, வெளிச்சம் படும்படி பிடித்துப் பார்க்கிறார்.)

இதுல எங்க அப்பா குழி வெட்டுனது இருக்கா? எந்த வரியில? காட்டு.

(திரை)