பஸர் கத்துனா போதும்

(ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம். பாலிடெக்னிக் லேப், இரவு ஒன்பது மணி. வல்லங்களுக்கான கடல் எல்லை எச்சரிக்கைக் கருவி. வெள்ளிக்கிழமை ரிவ்யூ.)

தம்பி: அண்ணே, முடியலண்ணே. நேத்து மீன் விலை சேர்த்தேன், இன்னைக்கு பஸர் லேட்டா கத்துது. வானிலையும் சேர்த்துட்டா முடிஞ்சிரும்.

அண்ணன்: முடியாதுப்பா. விலையை எப்படி எடுக்குற?

தம்பி: சிம் மாடியூல்ல. பதில் வர்ற வரைக்கும் 5 விநாடி நிக்கும், வரலன்னா மறுபடி கேக்கும்.

அண்ணன்: அது நிக்குற நேரத்துல ஜி.பி.எஸ் வரியை யாரு படிக்கிறா? உன் ஈ.எஸ்.பி 32 போர்டுல அந்த வரி வந்து காத்திருக்கிற சீரியல் பஃபர் 256 பைட்தான். ஒரு விநாடி வரியே அதை நிரப்பிரும், மிச்சம் வழிஞ்சு போகும்.

தம்பி: பஃபரைப் பெருசாக்கிட்டா?

```cpp
Serial2.setRxBufferSize(1024);
```

அண்ணன்: ரெண்டு விநாடி தாங்கும். அஞ்சு தாங்காது. டவர் எங்க கிடைக்காது? கரையை விட்டு தூரப் போன பிறகு. எல்லைக்கோடும் அங்கதான் இருக்கு. பஸர் கத்தவேண்டிய இடத்துலயே உன் கருவி சிம்முக்காக காத்துக்கிட்டு நிக்கும். மீன் விலையைத் தூக்கிரு.

தம்பி: வெறும் பஸர் மட்டுமான்னு கேப்பாங்களே அண்ணே.

அண்ணன்: கேக்கட்டும். இந்தக் கருவியோட வேலையை ஒரே வரியில சொல்லு.

தம்பி: கோட்டுக்கு 2 கி.மீ முன்னாடி பஸர் கத்தணும்.

அண்ணன்: இன்ஜின் ஓடும்போது, வலை இழுக்கிறவருக்குக் கேக்குற மாதிரி. அதையும் சேத்து எழுது. இந்த வரி தேறிடுச்சுன்னா சேர்க்கிறதை நிறுத்திரணும். புதுசா ஒண்ணு பழுதானா பஸரும் நின்னு போகுமான்னு பாரு. போகும்னா இப்ப வேண்டாம், நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதி வை. நல்ல யோசனைதான், வீணாப் போகாது.

தம்பி: மிச்ச நாலு நாள் என்ன செய்ய?

அண்ணன்: சோதனை. ஆன்டெனாவை கேபின் தகரத்துக்குக் கீழ வச்சுப் பாரு, சிக்னல் விழுதான்னு. பேட்டரி இறங்கும்போது பஸர் சத்தம் குறையுதான்னு பாரு. உப்புக்காத்துக்கு போர்டுல கோட்டிங் அடி, கனெக்டரை மறைச்சுட்டு. ஜி.பி.எஸ் போச்சுன்னா பஸர் வேற மாதிரி கத்தணும். சும்மா இருந்தா படகுக்காரர் எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சுக்குவார். அந்த சோதனைத் தாளை ரிவ்யூல வை, கேள்விக்குப் பதில் அதுதான்.

தம்பி: சரிண்ணே. சிம் கோடை எடுத்துட்டேன்.

அண்ணன்: எல்லைப் புள்ளிகளைக் காட்டு. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துல உள்ள ஆறும்தானே? நாலாவதோட அட்சரேகையை 9.2180-ன்னு போட்டிருக்க.

தம்பி: 9 டிகிரி 21.80 நிமிஷம்தானே அண்ணே?

அண்ணன்: நிமிஷத்தை 60-ஆல வகுக்கணும். 9.3633.

தம்பி: ஐயோ. எவ்வளவு தள்ளிப் போயிருக்கு?

அண்ணன்: தெக்கால மட்டும் 16 கிலோமீட்டர். தீர்க்கரேகையும் இப்படித்தான் இருக்கும். காலையில ஆறையும் சேந்து கணக்குப் போடுவோம், இப்ப போய்ப் படு.