இஸ்லாமியக் கடமைகள்: ஷிப்ட் மேற்பார்வையாளர்களுக்கான தகவல் தாள்

மாம்பழக்கூழ் ஆலை, கிருஷ்ணகிரி
பருவத் தொடக்கப் பயிற்சி

இஸ்லாத்தின் அடிப்படைக் கடமைகள் ஐந்து: கலிமா என்னும் நம்பிக்கை உறுதிமொழி, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ். நம் லைனில் உருது பேசுவோர் தொழுகையை நமாஸ் என்றும் நோன்பை ரோஜா என்றும் சொல்வார்கள். பெயர்தான் வேறு, பொருள் ஒன்றே.

தொழுகை

ஒரு நாளைக்கு ஐந்து வேளை. நம் பகல் ஷிப்டுக்குள் வருபவை நண்பகல் தொழுகையான லுஹரும் பிற்பகல் தொழுகையான அஸரும். மாலை ஷிப்டில் அந்தித் தொழுகையான மக்ரிபும் இரவுத் தொழுகையான இஷாவும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கால எல்லை உண்டு. லுஹருக்கு நண்பகல் கடந்ததிலிருந்து அஸர் வரை நேரம் இருப்பதால், பாய்லர் பக்கம் நிற்பவர் மாற்று ஆள் வந்த பிறகு போகலாம். மக்ரிப் அப்படியல்ல. சூரியன் மறைந்ததும் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். முதலில் விடுவிக்க வேண்டியது மக்ரிப் தொழப் போகிறவரைத்தான். வெள்ளி நண்பகல் தொழுகையான ஜும்ஆவை ஆண்கள் ஜமாஅத்தாக, அதாவது கூட்டாகத் தொழ வேண்டும். தனியே தொழுதால் அது ஜும்ஆ ஆகாது.

தொழுகைக்கு முன் ஒளு செய்வார்கள்: கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கழுவி, தலையை ஈரக் கையால் தடவி, கணுக்கால் வரை கால் கழுவுவது. சென்ற பருவத்தில் கை கழுவும் தொட்டியில் ஒருவர் காலைத் தூக்கி வைத்ததற்காக எல்லோர் முன்னும் திட்டு வாங்கினார். தவறு அவருடையதல்ல, வேறு குழாய் அங்கே இல்லை. இப்போது கிரேடு அடுக்கும் கொட்டகைக்குப் பின்னால் தாழ்வான குழாயும் உட்காரத் திண்டும் போட்டிருக்கிறோம். அதைக் காட்டிக் கொடுங்கள்.

நோன்பு

ரமலான் மாதம் முழுவதும் வைகறை முதல் சூரியன் மறையும் வரை உணவில்லை, தண்ணீரும் இல்லை. இஸ்லாமிய ஆண்டு சந்திரனைக் கொண்டது. அதனால் ரமலான் ஆண்டுதோறும் 10 அல்லது 11 நாள் முன்னே நகரும். 2018-இல் அது மே, ஜூனில், பழ வரத்தின் உச்சத்தில் வந்தது. நோன்பாளியை வெயிலில் லோடு இறக்க நிறுத்தாதீர்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் பேரீச்சம்பழமும் தண்ணீரும், கிடைத்தால் கஞ்சியும் போதும். பத்து நிமிடம் கொடுங்கள்.

நோயாளி, பயணி, கர்ப்பிணி, பாலூட்டும் தாய் ஆகியோருக்குச் சலுகை உண்டு. மாதவிடாய் நாட்களில் பெண்கள் நோன்பு வைப்பதில்லை. ஆகவே "இன்று ஏன் நோன்பு இல்லை?" என்று எந்தப் பெண்ணிடமும் கேட்கக் கூடாது. இதை மிகக் கண்டிப்பாகச் சொல்கிறோம்.

மற்றவை

ஜகாத் என்பது குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓராண்டு கையில் இருந்த சேமிப்பில் 2.5 சதவீதத்தை உரியவருக்குக் கொடுப்பது. ஹஜ், வசதியும் உடல்நலமும் உள்ளவருக்கு வாழ்நாளில் ஒருமுறை. பன்றி இறைச்சியும் மதுவும் விலக்கு. கேன்டீனில் இறைச்சி ஹலாலா என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

விடுப்பு

பக்ரீத், துல்ஹஜ் மாதம் 10-ஆம் நாள். அந்த மாதத்தின் முதல் பிறை தெரிந்ததுமே தேதி உறுதியாகிவிடும். நோன்பு மாதம் முடிந்து வரும் ரம்ஜான் பண்டிகையோ முந்தைய இரவு பிறை பார்த்த பிறகே தெரியும். அதற்கு மட்டும் வரக்கூடிய இரண்டு தேதிகளுக்கும் மாற்று ஆள் எழுதி வையுங்கள்.