அம்மாயிக்குப் பிறந்தநாள் வாழ்த்து

அன்புள்ள அம்மாயிக்கு,

இன்னிக்கு உங்களுக்கு 75 வயசு நிறையுது. கால்ல விழுந்து கும்பிட்டுக்கறேன்.

ஏற்காட்டுக் குளிர்ல விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, காப்பிக்கொட்டையை வறுத்து, தோட்டத்து மிளகைத் தட்டிப்போட்டு ரசம் வெச்சுத் தருவீங்க. லீவுக்கு வந்த பேரன் பேத்திங்க அத்தனை பேருக்கும் தலை துவட்டி விட்ட கை உங்களோடது. இப்பவும் முட்டி வலியோட உட்கார்ந்துக்கிட்டு, போன் எடுத்ததும் "சாப்டியா கண்ணு?"ன்னுதான் கேக்கறீங்க.

ஞாயித்துக்கிழமை சேலத்துல இருந்து எல்லாரும் மலையேறி வர்றோம். தட்டுவடை செட்டு கொண்டாறேன், காரம் கம்மியாத்தான். (அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.) அன்னிக்கு நீங்க அடுப்படிப் பக்கமே வரக்கூடாது!

நல்ல உடம்போட 100 வருஷம் இருந்து எங்களை ஆசீர்வாதம் பண்ணுங்க அம்மாயி. பிறந்தநாள் வாழ்த்துகள்!

உங்க செல்லப் பேத்தி,
சின்னக்குட்டி