பாடக்குறிப்பு: வேலூர்ப் புரட்சிக்குக் காரணம் எது? இரு கடிதங்களை வைத்து ஒரு சான்றாய்வு

வகுப்பு: பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, காட்பாடி. மாணவர்கள் 36 பேர்.
பாடம்: சமூக அறிவியல், வரலாறு.
நேரம்: அடுத்தடுத்து வரும் இரண்டு பாடவேளைகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம்.
முன்னறிவு: 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்தவற்றைப் பாடநூலிலிருந்து மாணவர்கள் சென்ற வாரமே படித்துவிட்டார்கள்.

இந்தப் பாடம் எதற்காக

புரட்சிக்கான காரணங்களைக் கேட்டால் மாணவர்கள் தடையின்றிச் சொல்கிறார்கள்: புதிய தலைப்பாகை, தாடிக்கும் சமயக் குறிகளுக்கும் விதிக்கப்பட்ட தடை, கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மகன்கள். எல்லாம் சரியான விடைகளே. ஆனால் அவை ஒரே வரிசையில், ஒரே எடையில் நிற்கின்றன. 1806 இல் இவை அப்படி அடுக்கி வைக்கப்பட்ட காரணங்களாக இருக்கவில்லை. கம்பெனி அதிகாரிகள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்ட போட்டி விளக்கங்களாகவே இருந்தன. இளவரசர்களின் சதிதான் காரணம் என்றால் குற்றம் கம்பெனிக்கு வெளியே இருக்கிறது. உடை ஆணைதான் காரணம் என்றால் குற்றம் சென்னைக் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. பாடநூலின் பட்டியலுக்குப் பின்னால் ஒரு வழக்கு நடந்திருக்கிறது என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

கற்றல் விளைவாக நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்: ஒரு சான்றை வாசிக்கும் மாணவர், எழுதியவர் தாமே அறிந்ததையும், பிறர் சொல்லக் கேட்டதையும், ஊகித்ததையும் பிரித்துக் காட்ட வேண்டும், ஒரு சான்று எந்தக் கேள்விக்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று சொல்ல வேண்டும். "இது ஒருதலைப்பட்சமானது" என்று எழுதிவிட்டு நிறுத்துவதை விடையாக ஏற்கப் போவதில்லை.

சான்றுகள்

இரண்டு கடிதங்களும் புரட்சிக்குப் பின்வந்த சில வாரங்களில் எழுதப்பட்டவை. ஒன்று சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங் தாமஸ் மன்றோவுக்கு எழுதியது. மற்றது மன்றோ அவருக்கு எழுதியது. மன்றோ அப்போது, நிஜாம் 1800 இல் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த மாவட்டங்களின் ஆட்சியராக இருந்தார். மாணவர்களுக்குத் தரப்படுவது அசல் கடிதங்களின் சொல்லுக்குச் சொல்லான மொழிபெயர்ப்பு அன்று. வகுப்புக்காக நான் எழுதிய கருத்துச் சுருக்கம். இதைத் தாளின் மேற்பகுதியிலேயே அச்சிட்டிருக்கிறேன். சுருக்கியவர் எதை விட்டிருப்பார் என்று எவரேனும் கேட்டால் பாடம் வெற்றி பெற்றது எனலாம்.

*தாள் 1 (ஆளுநர் ஆட்சியருக்கு, 1806 ஆகஸ்ட்):* திப்பு சுல்தானின் மகன்களுடைய ஆட்களும் ஆதரவாளர்களும் கணவாய்க்குக் கீழுள்ள பகுதியில் மிகத் தீவிரமாகச் செயல்பட்டிருக்கிறார்கள் என்பதை நாம் உறுதியாக அறிவோம். இதே சூழ்ச்சி கணவாய்க்கு மேலும் நடந்துவருவதாகச் சொல்லப்படுகிறது. குர்ரம்கொண்டாப் பாளையக்காரர்களை இளவரசர்கள் பெரிதும் நம்பியிருந்ததாகவும் சொல்கிறார்கள். உங்கள் மாவட்டங்களில் விழிப்புடன் இருங்கள்.

*தாள் 2 (ஆட்சியர் ஆளுநருக்கு):* சுல்தான் குடும்பத்தை மீண்டும் அரியணையில் ஏற்றுவது மட்டுமே இத்தகைய சதிக்கு நோக்கமாக இருந்திருக்க முடியாது. படையில் பெரும்பான்மையாக இருக்கும் இந்துக்களில் எவரும் அதை விரும்பியிருக்க மாட்டார்கள். முஸ்லிம்களிலும் ஒரு பகுதியினரே விரும்பியிருப்பார்கள். ஐரோப்பியர்களுக்கு வியப்பாக இருக்கலாம், ஆனால் இப்பகுதியிலுள்ள விவரம் அறிந்த மக்களின் பொதுக் கருத்து, சிப்பாய்களைக் கிறித்துவர்களாக்குவதே திட்டம் என்பதுதான்.

சொற்பொருள் விளக்கத்துக்கு நேரம் செலவிட வேண்டாம். "கணவாய்க்குக் கீழே" என்றால் ஆர்க்காட்டுச் சமவெளி, அதாவது நாம் உட்கார்ந்திருக்கும் இடம். "மேலே" என்றால் மைசூர்ப் பீடபூமி. குர்ரம்கொண்டா ஆந்திராவில் மதனப்பள்ளிப் பக்கம் இருக்கிறது. வரைபடத்தில் மூன்று புள்ளிகள் வைத்தால் போதும்.

முதல் பாடவேளை

தொடக்கத்தில் ஐந்து நிமிடம் மட்டும் நிகழ்வை மீட்டுரைக்கலாம்: அதிகாலைத் தாக்குதல், கோட்டைத் தளபதி கர்னல் பேன்கோர்ட் கொல்லப்பட்டது, புலிக்கொடி ஏற்றப்பட்டது, ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் வந்து கோட்டையை மீட்டது. வகுப்பில் பாதிப் பேர் கோட்டையைச் சுற்றி வந்திருப்பதால் அகழி, அகலம் என்று பேச்சு நீண்டுவிடும். ஆசிரியர் இடைமறித்து நிறுத்த வேண்டும்.

நான்கு பேர் கொண்ட ஒன்பது குழுக்களாகப் பிரித்து, தாள் 1 ஐ மட்டும் முதலில் தருக. இரண்டு தாள்களையும் சேர்த்துக் கொடுத்தால் மாணவர்கள் உடனே பட்டிமன்ற அணிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள், வாசிப்பு நின்றுவிடுகிறது. எழுதியவர் பெயரையும் இப்போது சொல்ல வேண்டாம். மாணவர்கள் செய்ய வேண்டியது, "உறுதியாக அறிவோம்" என்று வருமிடத்தில் ஒரு கோடும், "சொல்லப்படுகிறது", "சொல்கிறார்கள்" என்று வருமிடத்தில் இரு கோடும் இடுவது. மூன்று செய்திகளில் இரண்டு செவிவழிச் செய்தி என்பது இரண்டே நிமிடத்தில் புலப்படும். பிறகு கேட்க வேண்டிய கேள்வி: அந்த ஒற்றைக் கோடு விழுந்த செய்திக்காவது என்ன ஆதாரம் தரப்பட்டிருக்கிறது? எதுவும் தரப்படவில்லை. உறுதியான தொனி வேறு, உறுதியான ஆதாரம் வேறு என்பதை இந்த இடத்தில் அவசரப்படாமல் பேச விடுக.

அதன்பின் தாள் 2. இங்கு வாசிப்பின் தன்மை மாறுகிறது, ஏனென்றால் இரண்டாமவர் புதிய தகவல் தருவதைவிட வாதம் செய்கிறார்: படையில் இன்னின்னார் இருந்தார்கள், ஆகவே இந்த நோக்கம் போதாது. இந்த வாதத்தின் முதற்படி சரிபார்க்கத்தக்கது; இரண்டாம் படியான "எவரும் விரும்பியிருக்க மாட்டார்கள்" என்பது ஊகம். குழுக்கள் இரண்டையும் பிரித்து எழுத வேண்டும். "மக்களின் பொதுக் கருத்து" என்ற வரியை மாணவர்கள் பெரும்பாலும் மதமாற்றத் திட்டம் இருந்ததற்குச் சான்றாக எடுத்துக்கொள்வார்கள். அது திட்டம் இருந்ததற்குச் சான்று அன்று, அப்படி ஓர் அச்சம் பரவியிருந்ததற்குச் சான்று. இந்த வேறுபாட்டை ஆசிரியர் சொல்லிவிடாமல், "இந்த வரி எதை நிறுவுகிறது?" என்று கேட்டுக் காத்திருக்க வேண்டும்.

பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுதியவர்களின் பெயரையும் பதவியையும் கரும்பலகையில் எழுதுக. கூடவே ஒரு செய்தி: இருவரில் ஒருவர்கூட அன்றிரவு வேலூரில் இல்லை.

இரண்டாம் பாடவேளை

இப்போது நான்கு சீட்டுகள். ஒவ்வொன்றும் இரு கடிதங்களுக்கும் வெளியிலுள்ள ஒரு செய்தி.

முதற்சீட்டு: 1806 மே மாதமே வேலூரில் ஒரு படைப்பிரிவினர் புதிய தலைப்பாகையை அணிய மறுத்தார்கள், இருவருக்குத் தலா 900 கசையடி விதிக்கப்பட்டது. இரண்டாவது: புரட்சியின்போது கோட்டையில் மைசூரின் புலிக்கொடி ஏறியது. மூன்றாவது: முஸ்தபா பெக் என்ற சிப்பாய் சதியைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்தார், அதிகாரிகள் அவரை நம்பவில்லை. நான்காவது: அதே கோடையில், திப்புவின் மகன்கள் இல்லாத ஹைதராபாத்திலும் உடை ஆணைக்குச் சிப்பாய்களிடையே எதிர்ப்பு எழுந்தது.

ஒவ்வொரு சீட்டும் எந்தத் தாளுக்கு வலுச் சேர்க்கிறது என்று குழுக்கள் முடிவுசெய்ய வேண்டும். முதலும் நான்கும் எளிது. தாள் 2 பக்கம் சாயும். புலிக்கொடியைத் தாள் 1 பக்கம் வைப்பார்கள், அதுவும் நியாயமே. கோபத்தில் எழுந்தவர்கள் கையருகே இருந்த அடையாளத்தை எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று எவரேனும் சொன்னால், அதற்கு ஆதாரம் கேட்க வேண்டும். ஆதாரமற்ற ஊகத்தை ஆளுநரிடம் மறுத்துவிட்டு மாணவரிடம் ஏற்பது முறையாகாது.

உண்மையில் சுவையானது மூன்றாவது சீட்டு. எச்சரிக்கை இருந்திருக்கிறது என்றால் முன்திட்டம் இருந்திருக்கிறது. முன்திட்டம் இருந்தால் தாள் 1 சரி என்று பெரும்பாலான குழுக்கள் முடிவுகட்டும். ஆனால் தாள் 2 ஐ மீண்டும் படித்தால், மன்றோ சதி இருந்ததை மறுக்கவே இல்லை. "இத்தகைய சதிக்கு" என்றுதான் எழுதுகிறார். அவர் மறுப்பது அதன் நோக்கம் பற்றிய விளக்கத்தை. முரண்படும் இரு சான்றுகள் எதில் உடன்படுகின்றன என்று பார்ப்பது, முரண்பாட்டைத் தேடுவதைவிடக் கடினமான வேலை. கருத்தில் மோதும் இருவர் ஒத்துக்கொள்ளும் செய்தியே பெரும்பாலும் உறுதியான தரை. இதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். நேரம் போதாவிட்டால் கடைசிப் பகுதியைச் சுருக்கலாம், இதைச் சுருக்கக் கூடாது.

கடைசிப் பகுதியில் பின்விளைவைச் சொல்லுக. விசாரணைக் குழு உடை மாற்றத்தையும் திப்பு குடும்பம் வேலூரில் இருந்ததையும் இரண்டையுமே காரணங்களாகக் குறித்தது. இளவரசர்கள் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார்கள். தலைமைத் தளபதி கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் 1807 இல் திரும்ப அழைக்கப்பட்டார்கள். பெண்டிங் பின்னர் தம் தரப்பை விளக்கிக் கம்பெனி இயக்குநர்களுக்கு எழுதிய முறையீடு 1810 இல் லண்டனில் அச்சானது. இங்கு ஒரே கேள்வி: ஆளுநர் பதவியில் இருந்தபோது எழுதிய கடிதத்தையும் பதவி போனபின் எழுதிய முறையீட்டையும் ஒரே மாதிரி வாசிப்பீர்களா?

சிப்பாய்களின் குரல் எங்கே என்று கேட்கும் மாணவர் நிச்சயம் இருப்பார். விசாரணையில் சிப்பாய்கள் வாக்குமூலம் தந்திருக்கிறார்கள். ஆனால் கேட்டவர்கள் தண்டிக்கும் அதிகாரம் உடையவர்கள், எழுதிக்கொண்டவர்களும் அவர்களே. பீரங்கி வாயில் வைத்துச் சுடப்பட்டவர்களும் தூக்கிலிடப்பட்டவர்களும் இருந்த விசாரணையில் ஒருவர் என்ன சொல்லியிருப்பார், எதை மறைத்திருப்பார் என்று மாணவர்களையே யோசிக்க விடலாம்.

மெல்லக் கற்போருக்கு

தாள் 2 இன் இரண்டாம் வாக்கியத்தை மட்டும் தனியாகப் பெரிய எழுத்தில் தருக. கோடிடும் வேலையை அவர்கள் முழுமையாகச் செய்ய முடியும். சீட்டுகளில் முதலையும் நான்கையும் மட்டும் கையாண்டால் போதும்.

மதிப்பீடும் தொடர்பணியும்

பொதுத்தேர்வில் காரணங்களைப் பட்டியலிடச் சொல்லித்தான் கேட்பார்கள், பட்டியலிடவே வேண்டும். இதை வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிடுக, இல்லையென்றால் பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வேண்டிவரும்.

தொடர்பணி: மக்கான் சிக்னல் அருகேயுள்ள சிப்பாய் புரட்சி நினைவுத் தூணையோ கோட்டைக்குள் உள்ள ஓர் அறிவிப்புப் பலகையையோ பார்த்து, அதிலுள்ள வாசகத்தைப் படியெடுத்து வர வேண்டும். நேரில் போக இயலாதவர்கள் பாடநூலின் காரணப் பத்தியை எடுத்துக்கொள்ளலாம். அந்த வாசகம் தாள் 1 இன் விளக்கத்தோடு ஒத்துப்போகிறதா, தாள் 2 உடனா, இரண்டையும் தாண்டி வேறொன்று சொல்கிறதா என்று ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். பத்து மதிப்பெண்ணில் முடிவுக்கு இரண்டு மட்டுமே. ஆறு, வாசகத்திலிருந்து குறிப்பிட்ட சொற்களை எடுத்துக்காட்டி வாதிடுவதற்கு. மீதி இரண்டு, தம் முடிவை மாற்றக்கூடிய ஒரு சான்று எப்படிப்பட்டதாக இருக்கும் என்று எழுதுவதற்கு. திங்கட்கிழமை முதல் பாடவேளையில் குறிப்பேடுகளைக் குழுத் தலைவர்கள் திரட்டித் தருவார்கள்.